ஒரு காது மட்டும் ஏன்?

காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்வது என் தொழில். படிப்பு முடித்த கையோடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரின் கிளினிக்கில் ஆடியோமெட்ரி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்களுக்கு இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுபோல மந்தமாகியிருக்கும். அடுத்தபடியாகச் சீழ் வடியும் பிள்ளைகள், மில்லில் வேலை பார்த்தவர்கள். ஒரு காது மட்டும் மந்தம் என்று வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் தென்காசி ரூட்டில் ஓடிய ஒரு பஸ் கண்டக்டர். ஐம்பதை நெருங்கிய வயது. நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் நாள் அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "தம்பி, இடது காதுல போனை வச்சா சத்தம் வருது, பேச்சு வெளங்க மாட்டேங்கு. வலதுக்கு மாத்தினா எல்லாம் சரியாயிருது." ஒருவர் ஆலங்குளம் என்று கேட்டால் அது பாவூர்சத்திரமா ஆலங்குளமா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. இடது காதுக்குள் ராத்திரி பகல் என்றில்லாமல் கொய்யென்று ஒரு இரைச்சல். இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரிய விஷயமில்லை என்பதுபோல இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். கடைசி டிரிப் முடிந்து இருட்டில் டிப்போவுக்குள் நடக்கும்போது கால் ஒரு பக்கமாகப் போகிறதாம்.

இரண்டு வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கிறது. அதற்குள் அவர் பார்த்த இடங்களில் ஓரிடத்தில் காது அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் மாத்திரை எழுதினார்கள். எல்லாரும் சேர்ந்து சொன்ன காரணம் எஞ்சின் சத்தம். ஓரிடத்தில் தலைக்கு சி.டி. ஸ்கேன்கூட எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஃபிலிமை மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். ஸ்கேனே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் ஒரு வருஷம் போயிருந்தது.

எஞ்சின் சத்தம் என்ற காரணத்தை எங்கள் டாக்டர் ஏற்கவில்லை. பஸ்ஸுக்குள் நடமாடிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு அந்தச் சத்தம் இரண்டு காதிலும்தான் விழும். சத்தத்தால் கெடும் காது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் கெடும். ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து அதற்கு மேல் கோடு மறுபடி ஏறும். ஜன்னல் பக்கமே உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர்களுக்கு இரண்டு காதுக்கும் சிறிது வித்தியாசம் வருவதுண்டு, ஆனால் அதுவும் சிறிதுதான். "ஒரு காது மட்டும்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். காரணம் கைக்கு வர்ற வரைக்கும் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சியை என் அறைக்கு அனுப்பினார்.

அனுப்பும் முன் அவரே இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துப் பார்த்திருந்தார். சத்தம் வலது பக்கம் கேட்கிறது என்றார் அண்ணாச்சி. காதில் அழுக்கோ, செவிப்பறையில் ஓட்டையோ இருந்தால் சத்தம் மந்தமான காதுப் பக்கமே ஒதுங்கும். நல்ல காதுக்கு ஒதுங்கினால் கோளாறு உள்காதிலோ அதற்கும் உள்ளே நரம்பிலோ இருக்கிறது என்று பொருள். அரை நிமிஷ வேலை, கரண்டுகூட வேண்டாம். அதுவே சொட்டு மருந்தைத் தள்ளிவைத்துவிட்டது.

சத்தம் அடைத்த என் அறையில் ஆடியோகிராம் எடுத்தேன். வலது காது எல்லா ஸ்வரத்திலும் 20 டெசிபல் சுற்றியே இருந்தது. நல்ல காதுதான். இடது காது தாழ்ந்த ஸ்வரத்தில் 25-இல் தொடங்கி, 1000 ஹெர்ட்ஸில் 35, 2000-இல் 50, 4000-இல் 65 என்று சரிந்துகொண்டே போனது. அடுத்தடுத்த ஸ்வரங்களில் இரண்டு காதுக்கும் நடுவே 15, 20 டெசிபல் வித்தியாசம் நின்றாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். இவருக்கு அதைவிட அதிகம். இந்தச் சோதனை செய்யும்போது நல்ல காதுக்குள் ஓர் இரைச்சலைக் கொடுத்து அதை மூடிவைக்க வேண்டும். அப்படி மூடாவிட்டால் இடது பக்கம் கொடுக்கும் சத்தம் எலும்பு வழியே கடந்து வலது காதுக்குப் போய்விடும். வலது காது கேட்டுச் சொல்லும் பதிலை நாம் இடது காதின் பதிலாக எழுதிக்கொள்வோம். அவசரத்தில் இதை விட்டுவிடுகிற இடங்கள் உண்டு. அங்கே எடுத்த தாளில் மந்தக் காது உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

ஆடியோகிராமை மட்டும் பார்த்தால் இடது காதின் சராசரி 37 டெசிபல் அளவுதான். மிதமான மந்தம் என்று எழுதி, காதுக் கருவி போடலாம் என்று அனுப்பிவிடக்கூடிய அளவு. அவர் சொன்னதோ வேறு. சத்தம் வருகிறது, பேச்சு விளங்கவில்லை என்றார். அதனால் வார்த்தைச் சோதனையை எடுத்தேன். 25 சின்னச் சின்ன வார்த்தைகள்: கல், மீன், பூ, பால் என்று இருக்கும். அவருக்கு வசதியான சத்தத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதில் 24 சரியாகச் சொன்னார். இடது காதில் 10. அதாவது 40 சதவீதம். கல் என்றால் பல் என்றார், மீன் என்றால் மான் என்றார், சிலதுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை விரித்தார். சத்தத்தை இன்னும் கூட்டினேன். உள்காது மட்டும் கெட்டிருந்தால் சத்தம் கூடக்கூட ஓரளவாவது விளக்கம் கூடும், அல்லது அப்படியே நிற்கும். இவருக்கு 6-ஆகக் குறைந்தது. கூட்டிச் சொன்னால் இன்னும் குழம்புகிறது என்றால், சத்தத்தை வாங்குகிற உள்காதைவிட அதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த 6 என்ற எண்ணைத் தாளில் எழுதி அடிக்கோடு போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன்.

உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பு, சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய எலும்புக் குழாய் வழியாகப் போகிறது. அதில் ஒரு பிரிவு கேட்பதற்கு, மற்றவை உடம்பின் சமநிலைக்கு. அதே குழாயில் ஒட்டினாற்போல் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் போகிறது. நரம்பைச் சுற்றி உறைபோல் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் சில சமயம் சமநிலை நரம்பின்மேல் கட்டியாக வளர்ந்துவிடுகின்றன. வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்பார்கள், அக்கூஸ்டிக் நியூரோமா என்பதும் அதுதான். புற்று அல்ல. வேறு உறுப்புக்குப் பரவாது. வளர்ந்தால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், பல பேருக்கு வளராமலே நின்றுவிடும். ஆனால் குழாய்க்குள் இடம் கிடையாது. அதனால் பக்கத்தில் இருக்கும் கேட்கும் நரம்பும், உள்காதுக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாயும் நெரிபடுகின்றன.

கட்டி இருப்பது சமநிலை நரம்பில், அப்படியென்றால் தலை கிறுகிறுவென்று சுற்ற வேண்டாமா என்று நானே டாக்டரிடம் கேட்டேன். நரம்பு ஒரே நாளில் செத்தால்தான் அப்படிச் சுற்றும். வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்போது மூளை அடுத்த காதையும் கண்ணையும் பாதத்தின் உணர்வையும் வைத்து ஈடுகட்டிக்கொள்கிறது. பகலில் ஓடுகிற பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடிக்காமலே டிக்கெட் கிழித்தது அதனால்தான். இருட்டில் கண்ணின் உதவி போய்விடுகிறது, அப்போது குறை வெளியே தெரிகிறது. கண்ணை மூடி நின்ற இடத்திலேயே 50 அடி கால் மாற்றி வைக்கச் சொன்னோம். கண்ணைத் திறந்தபோது அவர் கதவைப் பார்க்காமல் இடது பக்கச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டின.

அடுத்து எம்.ஆர்.ஐ. மூளைத் தண்டுவரை காது நரம்பு போகும் வழி பூராவும் மெல்லிய வெட்டுகளாக, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே விவரமாக எழுதினார். கான்ட்ராஸ்ட்டுக்கு முன்னால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்தார்கள். "ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சே" என்று அண்ணாச்சி வீட்டில் முணுமுணுத்தார்கள். சி.டி. எலும்பை நன்றாகக் காட்டும். குழாய்க்குள் இருக்கும் சிறு கட்டி அதில் தப்பிவிடும். மூளைத் தண்டுவரை சத்தம் போகிற நேரத்தை அளக்கும் பெரா சோதனையிலும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பல தப்பிவிடுகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் தப்பவில்லை. கருப்புப் பின்னணியில் வெள்ளையாக, குழாய்க்குள் கூம்பும் வெளியே உருண்டையுமாகக் கோன் ஐஸ்கிரீம்போல இருந்தது. வெளியே தெரிந்த உருண்டை 11 மில்லிமீட்டர். மூளைத் தண்டை இன்னும் தொடவில்லை.

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணாச்சியின் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள்தான் நிதானமாகக் கேட்டாள்: "எங்களுக்கும் வருமா டாக்டர்?" நல்ல கேள்வி. இரண்டு காதிலும் இந்தக் கட்டி வந்தால், அல்லது முப்பது வயதுக்குள் வந்தால், 22-ஆவது குரோமோசோமில் உள்ள பழுதால் குடும்பவழியாக வரும் நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் இரண்டாம் வகையா என்று பார்க்க வேண்டும். நடுவயதில் ஒரு பக்கம் மட்டும் வந்து, வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. டாக்டர் அதைச் சொன்னதும் அந்த அம்மாளின் அழுகை நின்றது.

படத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். நரம்பியல் அறுவை நிபுணர் மூன்று வழிகளைச் சொன்னார். பொறுத்திருந்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது ஒன்று, கதிர்வீச்சு ஒன்று, திறந்து எடுப்பது ஒன்று. "எதைச் செஞ்சாலும் போன காது திரும்பாது. அதை இப்பவே மனசுல வச்சுக்கோங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது பெரிய நேர்மை என்று எனக்குப் பட்டது. வைத்தியம் எதற்கென்றால், கட்டி வளர்ந்து மூளைத் தண்டை அழுத்திவிடாமல் இருப்பதற்கும், முகத்தைக் காப்பாற்றுவதற்கும்.

முகம் என்றதும் அண்ணாச்சிக்குப் புரியவில்லை. ஏழாவது நரம்பு கட்டியின்மேல் ரிப்பன்போல் அல்ல, பல சமயம் ஒரு சவ்வாகவே விரிந்து ஒட்டியிருக்கும், அதைப் பிரித்தெடுப்பதுதான் அறுவையில் கடினமான வேலை என்று விளக்கினார். ஹார்வி குஷிங் 1917-இல் இந்தக் கட்டிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், உறைக்கு உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு உறையை விட்டுவிடும் முறையைச் சொன்னார். அன்று நோக்கம் உயிரைக் காப்பாற்றுவது. முகத்தையும் காப்பாற்றலாம் என்று ஆனது 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் மைக்ராஸ்கோப் வைத்துக் காதெலும்பு வழியாக உள்ளே போன பிறகுதான். இன்று அறுவை நடக்கும் நேரம் முழுக்க அந்த நரம்பை மின்கருவியால் கண்காணிக்கிறார்கள். ஒட்டிய இடத்தைப் பிரித்தால் நரம்பு போகும் என்று தெரிந்தால் கட்டியில் ஒரு மெல்லிய விளிம்பை விட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்த வருஷமே எங்கள் கிளினிக்குக்கு ஒரு பீடி சுற்றும் அம்மாள் வந்தார். ஒரு காது கேட்காமல் போய்ப் பல வருஷம் ஆகிறது, இன்னொரு காது இருக்கிறதே என்று விட்டுவிட்டார். வந்தது காதுக்காக அல்ல. கன்னம் மரத்துவிட்டது, காலையில் எழுந்ததும் தலைவலி, நடை தள்ளாடுகிறது. கட்டி 35 மில்லிமீட்டருக்கு மேல். மூளைத் தண்டு ஒதுங்கியிருந்தது. அந்த அளவில் பொறுத்திருப்பதும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. அறுவைதான். உயிருக்கு ஆபத்தில்லாமல் முடிந்தது. ஆனால் பல மாதங்களுக்கு ஒரு கண் மூடவில்லை. பகலில் மணிக்கொருமுறை சொட்டு, ராத்திரி களிம்பு போட்டுப் பிளாஸ்திரியால் இமையை ஒட்டித் தூங்க வேண்டும். கண் காய்ந்தால் கருவிழி புண்ணாகிவிடும். ஒரு வருஷத்தில் முகம் பெருமளவு திரும்பியது, சிரிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் பின்தங்கும். காது போன அன்றே யாராவது ஒரு ஸ்கேன் எழுதியிருந்தால் அவருக்கும் அண்ணாச்சியைப்போல மூன்று வழிகள் இருந்திருக்கும்.

அண்ணாச்சி பொறுத்திருக்கும் வழியை எடுத்தார். ஆறாவது மாதம் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு வருஷத்துக்கு ஒன்று. இந்தக் காலத்தில் என் வேலை சமநிலைப் பயிற்சி. அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தேதியின்மேல் கண்ணை நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். எண் ஆடாமல் தெரிகிற வேகம்வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடப்பது, தலையணைமேல் நின்று கண்ணை மூடுவது. கடைசியாகச் சொன்னதைச் செய்யும்போது விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். முதலில் தலை ஆட்டும்போது எண் கலங்கித் தெரிந்து குமட்டல் வந்தது. அப்போது பயந்து நிறுத்தக் கூடாது, அந்தக் கலக்கத்தைக் கொண்டுதான் மூளை திருத்திக்கொள்கிறது. சில மாதங்களில் இருட்டில் நடப்பது நன்றாகத் தேறியது.

ஆறு மாத ஸ்கேனில் 11.5 என்று வந்தபோது வீட்டில் கவலைப்பட்டார்கள். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் அளவெடுப்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் 12, அதற்கடுத்த வருஷம் 15. இந்த முறை சந்தேகமில்லை. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்ததால் கதிர்வீச்சுக்குப் பொருத்தம். தலையை அசையாமல் பூட்டி, பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியின்மேல் மட்டும் குவித்து, ஒரே அமர்வில் 12 கிரே கொடுத்தார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினார். இதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கட்டி காணாமல் போவதில்லை. நின்றுவிடுவதுதான் வெற்றி.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும், எட்டாம் மாத ஸ்கேனில் 17 என்று பார்த்ததும் வீடு கலங்கிவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் வேறு ஊரில் உடனே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். மகள் ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தாள். அளவு கூடியிருந்தது உண்மை. ஆனால் முன்பு முழு வெள்ளையாக இருந்த கட்டியின் நடுப்பகுதி இப்போது கருத்திருந்தது. நடுவில் திசு செத்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் கட்டி தற்காலிகமாக வீங்குவது பலருக்கும் நடப்பதுதான். அது தோல்வியா இல்லையா என்று சொல்ல இரண்டு மூன்று வருஷப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். மூளைத் தண்டு அழுந்தியிருந்தாலோ, முகம் கோணினாலோ அப்போது கதை வேறு. இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. சென்னை டாக்டரிடம் படத்தை அனுப்பினோம், அவரும் பொறுக்கச் சொன்னார். குறித்த நாள் ரத்தானது. அடுத்தடுத்த ஸ்கேன்களில் கட்டி 15-க்கு வந்து, பிறகு 14-இல் நின்றுவிட்டது.

இடது காது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் அதே 25 வார்த்தைகளைச் சொல்வேன். 10 சரியாக வந்தது 7 ஆயிற்று, பிறகு 3, பிறகு ஒன்றும் வரவில்லை. கதிர்வீச்சால் கட்டி நின்றாலும் காலப்போக்கில் காது குறைவது வழக்கம். பொறுத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். வார்த்தையே விளங்காத காதில் சாதாரணக் கருவி போட்டு என்ன பயன்? குழப்பமான சத்தம் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். அதனால் கிராஸ் என்ற வகைக் கருவியை வைத்துப் பார்த்தோம். இடது காதில் மைக், அது வாங்கும் பேச்சைக் கம்பியில்லாமல் வலது காதுக்கு அனுப்பும். சத்தம் எந்தத் திசை என்று அது சொல்லாது, ஆனால் இடது பக்கம் உட்கார்ந்து பேசுகிறவரின் பேச்சு தவறிப்போகாது. பஸ்ஸில் அது சரிப்படவில்லை, எஞ்சின் சத்தத்தையும் சேர்த்து நல்ல காதுக்குள் கொட்டியது. டிப்போ அலுவலகத்துக்கு மாறிய பிறகு தினமும் போட்டுக்கொண்டார்.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் இன்று ஒன்று செய்யுங்கள். வீட்டில் தெரிந்த ஒருவரை போனில் பேசச் சொல்லி, ஒரு காதில் வைத்துக் கேட்டு, பிறகு மறு காதுக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பேச்சு விளங்கவில்லை என்றாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிற்காமல் இருந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராமோடு வார்த்தைச் சோதனையும் கேளுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்து, மாத்திரையில் சரியாகிப்போனவர்களும் போக வேண்டும். கேட்பது திரும்பிவிட்டதாலேயே கட்டி இல்லை என்று ஆகிவிடாது. வயசாச்சு, சத்தத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று பதில் வந்தால், அப்படியானால் ஒரு காது மட்டும் ஏன் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எம்.ஆர்.ஐ. பற்றிய பேச்சை விடாதீர்கள்.